பேச்சை நிறுத்திவிட்ட தம்பிக்குக் கடிதம் எழுதுவது எப்படி: மூன்று கடிதம் எழுதிய ஓர் அக்காவின் குறிப்புகள்

என் தம்பி ஓசூரில் இருக்கிறான். ஏழு மாதம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. போன் அடித்தால் எடுக்க மாட்டான். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. பொங்கலுக்கு வரவில்லை. என் மகள் காதுகுத்துக்கும் வரவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல், பெரியம்மா மகன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினோம்.

அந்த ஏழு மாதத்தில் அவனுக்கு மூன்று கடிதம் எழுதினேன். முதல் இரண்டும் நிலைமையை இன்னும் கெடுத்தன. மூன்றாவதுக்குத்தான் அசைந்தான். அந்த முதல் இரண்டில் நான் செய்ததை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் அக்கா, அவன் தம்பி என்பதால் எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கும். உங்களுக்கு அவர் அண்ணன் என்றால் 'நீ'யை 'நீங்க' ஆக்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பொருந்தும்.

1. கடிதம் எழுதும் நிலையில்தான் இருக்கிறானா என்று முதலில் பாருங்கள்

கடிதம் போய்ச் சேர மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். பதில் வர மாதமும் ஆகலாம், வராமலும் போகலாம். அவ்வளவு நாள் காத்திருக்கக்கூடிய நிலைமைக்குத்தான் கடிதம்.

அவன் வேலைக்குப் போகிறானா, சாப்பிடுகிறானா, கூட இருப்பவர்கள் கண்ணில் படுகிறானா என்பதை அவனோடு பழகும் ஒரே ஓர் ஆளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "கடைசியா எப்போ பார்த்தே?" என்பதோடு கேள்வியை முடித்துக்கொள்ள வேண்டும். நான் அவன் பழைய ரூம்மேட்டிடம் கேட்டேன். "தினமும் டீக்கடையில பார்க்கறேன் அக்கா, பேச மாட்டேங்கறான்" என்றான். சரி, கடிதத்துக்கு நேரம் இருக்கிறது என்று புரிந்தது.

சாவைப் பற்றிப் பேசியிருந்தால், "நான் இல்லைன்னாலும் நீங்க நல்லா இருப்பீங்க" என்கிற மாதிரி செய்தி அனுப்பியிருந்தால், வைத்திருந்த வண்டியையோ போனையோ திடீரென்று யாருக்காவது கொடுத்துவிட்டான் என்றால், கடிதத்தை மறந்துவிட்டு அன்றைக்கே நேரில் போங்கள். போகிற வழியிலேயே 14416-ஐக் கூப்பிடலாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது; 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை, வீட்டு ஆள் கூப்பிட்டு என்ன செய்யலாம் என்று கேட்கலாம். உடனடி ஆபத்து என்றால் 108 அல்லது 112.

2. ஒதுங்கிய தேதியைக் கண்டுபிடியுங்கள்

இது உங்களுக்காகச் செய்கிற வேலை, கடிதத்தில் வராது. ஒரு தாளில் மூன்று தேதி எழுதுங்கள்: அவன் கடைசியாகத் தானே கூப்பிட்டது, நீங்கள் கூப்பிட்டு அவன் கடைசியாக எடுத்தது, கடைசியாக வீட்டுக்கு வந்தது. வாட்ஸ்அப்பை மேலே தள்ளிப் பார்த்தாலே பாதி கிடைத்துவிடும்.

நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தது, அதற்கு முந்தின வருடப் பொங்கலுக்கு வந்தபோது என் கணவர் ஏதோ சொல்லிவிட்டார், அந்தக் கோபம் என்று. தேதிகளை எழுதிப் பார்த்தால் கதை வேறு. அந்தப் பொங்கலுக்கு அப்புறமும் பல மாதம் நன்றாகத்தான் பேசியிருக்கிறான். அவன் தானே கூப்பிடுவது நின்றது, காதுகுத்துப் பத்திரிகையின் மாதிரியை நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாரம். அதில் தாய்மாமன் என்று கொட்டை எழுத்தில் அவன் பெயர். அதற்குக் கீழே நான் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ்: "தோடு மட்டும் நல்லதா எடுத்துடுடா, மத்த தட்டெல்லாம் உன் இஷ்டம்."

தங்கம் விற்கிற விலையில் ஒரு ஜோடி தோடு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அவன் கோபத்தில் போகவில்லை, கூச்சத்தில் போயிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கோபத்தில் இருக்கிறவனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதலாம். கூச்சத்தில் இருக்கிறவனிடம் நீ எதற்கும் கணக்குச் சொல்ல வேண்டாம் என்று காட்ட வேண்டும். இரண்டும் வேறு வேறு கடிதம்.

ஆனால் சந்தேகம் சந்தேகம்தான். "பணம் இல்லாததாலதானே வரலை?" என்று எழுதிவிடாதீர்கள். உண்மையாக இருந்தால் கூனிக்குறுகிப் போவான். இல்லையென்றால் நம்மைப் பற்றி இப்படித்தான் நினைக்கிறார்களா என்று இன்னும் விலகுவான்.

3. தேவையானவையும் செலவும்

முதலில் சரியான முகவரி, பின்கோடோடு. ரூம் மாற்றியிருந்தால் பழைய முகவரிக்குப் போட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருப்போம். வேலை செய்யும் இடத்து முகவரிக்கு அனுப்பாதீர்கள். வேலையே இல்லாமல் இருக்கலாம், இருந்தாலும் வாட்ச்மேன் கையில் ஆரம்பித்து நாலு பேர் கைமாறி வரும்.

அஞ்சலட்டை வேண்டவே வேண்டாம், ரூமில் இருக்கும் எல்லோரும் படிப்பார்கள். இன்லேண்ட் லெட்டர் நான் வாங்கியபோது இரண்டரை ரூபாய். ஒரு பக்கமும் கொஞ்சமும் எழுத அது போதும், ஆனால் உள்ளே எதையும் வைக்கக் கூடாது. நான் தபால் கவரையே எடுத்தேன், ஐந்து ரூபாய். 20 கிராம் வரைக்கும் தாங்கும். சாதாரண ஏ4 தாள் ஒன்று ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் கீழே. கவரோடு சேர்த்து இரண்டு தாள் என்றால் கவலையில்லை, மூன்றாவது சேர்த்தால் எடை போட்டுப் பாருங்கள். தபால்தலை குறைந்தால் அந்தக் குறைவைப் போல இரண்டு மடங்கைத் தபால்காரர் வாங்குபவரிடம்தான் கேட்பார். ஒதுங்கியிருக்கும் தம்பி உங்கள் கடிதத்துக்குக் காசு கொடுத்து வாங்கும்படி ஆகிவிடும்.

கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் தபாலில் அனுப்பாதீர்கள். பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதிலும் கையெழுத்து உண்டு. போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ளலாமே என்றுதான் என் இரண்டாவது கடிதத்தை அப்படி அனுப்பினேன். கடன் ஏதாவது வாங்கியிருப்பவனுக்கு, கையெழுத்துப் போடச் சொல்லித் தபால்காரர் கதவைத் தட்டினால் வக்கீல் நோட்டீஸ் ஞாபகம்தான் வரும். அந்தக் கவர் 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. என்னைத்தான் மறுத்துவிட்டான் என்று ஒரு வாரம் அழுதேன். யார் அனுப்பியது என்றே பார்க்கவில்லை என்று பிற்பாடு சொன்னான்.

சாதாரணத் தபால், முன்பக்கத்திலேயே உங்கள் கையெழுத்தில் "அனுப்புநர்: அக்கா" என்று முகவரியோடு. அவ்வளவு போதும்.

பணம் வைக்காதீர்கள், ஜிபேயிலும் போடாதீர்கள். என் கணவர் நல்ல மனதோடுதான் 500 ரூபாய் போட்டுவிட்டார். பத்து நிமிடத்தில் அதே 500 திரும்பி வந்தது, ஒரு வார்த்தை இல்லாமல்.

4. முதலில் எல்லாவற்றையும் கொட்டுங்கள், அப்புறம் அடியுங்கள்

முதல் வரைவில் ஆற்றாமையெல்லாம் வந்தே தீரும், வரட்டும். அதை ஒரு நாள் அப்படியே வைத்துவிட்டு மறுநாள் பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இதைப் படித்ததும் அவன் ஏதாவது பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறதா? ஆம் என்றால் அடித்துவிடுங்கள்.

நான் தபாலில் சேர்த்தே விட்ட முதல் கடிதத்தின் நகல் நோட்டில் இருந்தது. அதில் இதைச் செய்து பார்த்தேன். 41 வரியில் ஒன்பது மிஞ்சின. அடிபட்டதில் சிலதைச் சொல்கிறேன், உங்கள் வரைவிலும் இவை இருக்கும்.

"ஏன்டா இப்படிப் பண்றே?" அன்பாகத்தான் கேட்டேன். ஆனால் 'ஏன்' என்று வந்துவிட்டால் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்ல முடியாததால்தானே போனையே எடுக்காமல் இருக்கிறான்.

"அம்மா உன்னை நினைச்சுச் சாப்பிடவே மாட்டேங்கறாங்க." இது உண்மையும்கூட, சில நாள். ஆனால் இதைப் படிக்கிறவன் தலையில் இன்னொரு மூட்டை ஏறும், வீட்டுக்கு வருவது அந்த மூட்டையை அம்மா முன்னால் இறக்குவது என்று ஆகிவிடும். இதற்குப் பதிலாக அம்மாவைப் பற்றி அன்றைக்கு நடந்த ஒரு சின்ன விஷயத்தை எழுதினேன்.

"உனக்கு நாங்க என்ன குறை வெச்சோம்?" இதை எழுதும்போது கை நடுங்க எழுதினேன். இப்போது படித்தால் பஞ்சாயத்தில் கேட்கிற கேள்வி மாதிரி இருக்கிறது.

"நீ வரலைன்னா நானே கிளம்பி வந்துடுவேன்." இது மிரட்டல்தான், வேறு பெயர் இல்லை.

"சித்தப்பாகிட்ட பேசினேன், அவரும் வருத்தப்பட்டார்." இந்த வரிதான் மோசம். ஊரே தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று அவனுக்குத் தெரிவித்துவிட்டேன்.

'எல்லாம் சரியாகிவிடும்' போன்ற வரிகளையும் எடுத்துவிடுங்கள். என்ன பிரச்சினை என்றே தெரியாத நாம் எதைச் சரியாகிவிடும் என்கிறோம்?

5. அழைப்பை அளவாக வையுங்கள்

வற்புறுத்தக் கூடாது என்று நினைத்து "உனக்கு எப்ப தோணுதோ அப்ப பேசு" என்று மொட்டையாக எழுதினால் அதுவும் உதவாது. எப்போது கூப்பிடுவது, யார் பக்கத்தில் இருப்பார்கள், எடுத்ததும் அழுவாளா, எல்லாவற்றையும் அவனே யோசிக்க வேண்டியிருக்கும். யோசனை நம்முடையதாக இருக்கட்டும். நாள், நேரம், பக்கத்தில் யார் இருப்பார்கள், என்ன கேட்க மாட்டோம் என்பதை நாம் சொல்லிவிட வேண்டும். கூப்பிடுவதா வேண்டாமா என்பது மட்டும் அவனுடையது.

பேசுவதைவிடச் சுலபமான ஒரு வழியும் கொடுங்கள். நான் வாட்ஸ்அப்பில் ஒரு புள்ளி வைத்தால் போதும் என்றேன். ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் அந்த வழிகளில் ஒன்றாக, எழுத்திலேயே இருக்க வேண்டும்.

ரகசியம் காப்பேன் என்று எழுதும்போது ஒரு இடம் கவனிக்க வேண்டும். "யார்கிட்டயும் எதையும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். நாளை அவன் உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறேன் என்று சொன்னால் அந்தச் சத்தியம் உங்கள் கையைக் கட்டிவிடும். விதிவிலக்கை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

6. நான் அனுப்பிய மூன்றாவது கடிதம்

பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதினேன். இலக்கணமாக எழுதினால் என் குரல் அவனுக்குக் கேட்காது.

*தம்பிக்கு,*

*இதுக்குப் பதில் எழுதணும்னு இல்லை. படிச்சுட்டு மடிச்சு வெச்சாலும் சரி.*

*முதல் கடிதத்துல உன்னைக் கேள்வி மேல கேள்வியா கேட்டுட்டேன். தப்புதான். அதுக்கெல்லாம் நீ பதில் சொல்ல வேண்டாம்.*

*இங்கே நல்லா இருக்கோம். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு கோயிலுக்கு நடந்தே போயிட்டு வர்றாங்க, வழியில நாலு பேரோட நின்னு பேசி ஒன்பது மணிக்குத்தான் வீடு. பாப்பாவுக்குக் காது ஆறிடுச்சு. தோட்டைத் திருகித் திருகிக் கழட்டப் பார்க்கறா. மாடியில நீ தொட்டியில வெச்சியே கருவேப்பிலை, அது என் தோள் உயரம் வந்துடுச்சு. நேத்து ரசத்துக்கு அதுலதான் பறிச்சேன்.*

*ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் நான் மாடியில துணி மடிச்சுக்கிட்டுத் தனியா இருப்பேன். மாமா பாப்பாவைக் கூட்டிக்கிட்டு பார்க்குக்குப் போயிடுவார். உனக்குப் பேசலாம்னு தோணினா அப்போ கூப்பிடு. நீ பேசினா கேட்டுக்கறேன். பேச வரலைன்னா நான் பாப்பா கதை சொல்றேன். போன் வேண்டாம்னா வாட்ஸ்அப்புல ஒரு புள்ளி வை, கடிதம் வந்துச்சுன்னு புரிஞ்சுக்கறேன். அதுவும் வேண்டாம்னா ஒண்ணும் இல்லை.*

*நீ சொல்றதை உன்னைக் கேட்காம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன் உயிருக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம் வந்தா மட்டும் வேற ஆளைக் கூப்பிடுவேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.*

*அடுத்த மாசம் மறுபடி எழுதறேன்.*

*அக்கா*

சீர், தோடு, தட்டு எதையும் பற்றி இதில் ஒரு சொல் இல்லை என்பதைப் பாருங்கள். "காது ஆறிடுச்சு" என்ற வரி அதற்காகத்தான். விசேஷம் முடிந்துவிட்டது, யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை என்பது அதில் இருக்கிறது. "உன் மடிதான் பாக்கி" என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன்.

7. எந்த வாரத்தில் சேர்ப்பது

தீபாவளி, பொங்கல் பக்கத்தில் வேண்டாம். வரச்சொல்லி எழுதியதாகவே படிப்பான், பொங்கல் என்றால் சீர் ஞாபகம் வேறு. மாத முதல் வாரமும் வேண்டாம், வாடகையும் தவணையும் கட்டுகிற நேரம். நான் பதினைந்து தேதி வாக்கில், திங்கட்கிழமை காலையில் சேர்த்தேன். அந்த வார ஞாயிறுக்குள் கையில் கிடைத்துவிடும் என்பது கணக்கு.

8. அனுப்பிய பிறகு சும்மா இருங்கள்

இதுதான் கஷ்டமான பகுதி. "லெட்டர் வந்துச்சா?" என்று மெசேஜ் போடாதீர்கள், போட்டால் எழுதிய முதல் வரி பொய்யாகிவிடும். அம்மாவிடம் கடிதம் போட்டதைச் சொல்லாதீர்கள், அவர் போன் அடித்துவிடுவார். ஞாயிறு நாலு முதல் ஆறு என்று எழுதினீர்கள் என்றால் அந்த இரண்டு மணி நேரம் உண்மையிலேயே மாடியில் இருக்க வேண்டும், ஒவ்வொரு வாரமும். நான் அந்த மாதம் இரண்டு கல்யாண வரவேற்புகளுக்குப் போகவில்லை.

கவர் திரும்பி வந்தால் அதன் மேல் எழுதியிருக்கும் குறிப்பைப் படியுங்கள். 'Left' என்றால் ரூம் மாறிவிட்டான், அவ்வளவுதான்.

பதில் இல்லையென்றால் ஒரு மாதம் கழித்து அடுத்தது. அதில் அழைப்பு ஒரே வரி, மீதி வீட்டுச் செய்தி. இப்படிப் பதில் எதிர்பார்க்காமல் எழுதுவதற்குப் பலன் உண்டா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. அமெரிக்காவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து போன பிறகு சிகிச்சையைத் தொடர மறுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இப்படிச் சின்னச் சின்னக் கடிதங்கள் அனுப்பச் செய்தார். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவுதான். முதல் நாலு மாதம் மாதம் ஒன்று, அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று ஐந்து வருடத்தில் 24 கடிதம். கடிதம் போனவர்களிடையே முதல் இரண்டு வருடங்களில் தற்கொலைகள் குறைவாக இருந்தன. அது மருத்துவமனைக் கடிதம், நம்முடையது வீட்டுக் கடிதம். பலனை அப்படியே ஒட்டிப் பார்க்க முடியாது. அந்த இடைவெளிக் கணக்கை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

9. கூப்பிட்டால்

எனக்கு மூன்றாவது ஞாயிறு, ஐந்தே காலுக்கு மிஸ்டு கால் வந்தது. உடனே திருப்பி அடித்துவிட்டேன். பத்து நிமிடம் பொறுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் எடுத்தான்.

"அக்கா" என்றான். நான் "ம், சொல்லுடா" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எப்படிடா இருக்கே" என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, பாப்பா தோட்டைக் கழட்டி அரிசி டப்பாவில் போட்டு, அதைத் தேடி நாங்கள் ஐந்து கிலோ அரிசியைச் சலித்த கதையைச் சொன்னேன். சிரித்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம், "கருவேப்பிலைக்கு மோர் ஊத்தறியா?" என்று கேட்டான். புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து ஊற்றச் சொன்னான். வைக்கிறேன் என்றான். மொத்தம் நாலு நிமிடம்.

முதல் தடவை பேசும்போது கடிதத்தில் கேட்க மாட்டேன் என்றதைக் கேட்காதீர்கள். வைக்கும்போது "அடிக்கடி பேசுடா" என்று சேர்க்காதீர்கள், மறுநாள் நீங்களாகக் கூப்பிடாதீர்கள். அடுத்த ஞாயிறு வரை பொறுங்கள். வீட்டில் சொல்லலாமா என்று அவனையே கேளுங்கள். நான் கேட்டதற்கு "அம்மாகிட்ட மட்டும் சொல்லு, நல்லா இருக்கேன்னு" என்றான்.

ஒப்பந்த வேலை போய்விட்டதையும், தோடு எடுக்கக் கடன் கேட்டு மூன்று இடத்தில் கிடைக்காததையும் அவன் சொன்னது நாலாவது தடவை பேசும்போது. அன்றைக்குக் கேட்டேன், தூக்கம் வருகிறதா என்று. இல்லை என்றான். 14416 எண்ணைச் சொன்னேன், கூப்பிடச் சொல்லி வற்புறுத்தவில்லை. அவன் கூப்பிட்டானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தபால் கவர் ஐந்து வாங்கி வைத்ததில் இன்னும் இரண்டு இருக்கிறது. இந்த மாதக் கடிதம் பதினைந்தாம் தேதி போகும். மோர் ஊற்றிய பிறகு செடி துளிர்விட்டதை அதில் எழுத வேண்டும்.